டாலர் ஏறியும் கால் ஆப்ஷன் இறங்கியது ஏன்? (வேகா பற்றிய கேள்வி)

செல்வா_டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கணக்கு மண்டையைக் குடைகிறது.

பெரிய அரசு அறிவிப்பு ஒன்று வருவதற்கு முதல் நாள் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையான ஜேஎஸ்இ-யில் டாலர்-ரேண்ட் கால் ஆப்ஷன் பத்து கான்ட்ராக்ட் வாங்கினேன். ஃபியூச்சர் 18.00, ஸ்ட்ரைக்கும் 18.00, முடிய 30 நாள். டாலருக்கு 41.2 சென்ட் பிரீமியம். ஒரு கான்ட்ராக்ட் 1000 டாலர், ஆகவே 412 ரேண்ட். எண்களை உங்கள் வசதிக்காகக் கொஞ்சம் வட்டமாக்கியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து ஃபியூச்சர் 18.15. நான் நினைத்த பக்கம்தான் போயிருக்கிறது. ஆனால் திரையில் என் ஆப்ஷன் 361 ரேண்ட் என்று நிற்கிறது. கான்ட்ராக்டுக்கு 51 ரேண்ட் காலி. புரோக்கரிடம் கேட்டால் "ஐவி இறங்கிவிட்டது" என்று ஒரு வரி பதில். ஐவி, அதாவது டாலர் எவ்வளவு அசையும் என்று சந்தை ஆப்ஷன் விலைக்குள் வைத்திருக்கும் வாலட்டிலிட்டி, 20% இருந்தது 14% ஆகிவிட்டதாம். சரி, ஆனால் அது மட்டுமே இவ்வளவு தின்னுமா? யாராவது ரேண்ட் கணக்கில் பிரித்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

சாட்ஸ்வொர்த்_தில்லை

தம்பி, இதெல்லாம் நேரத் தேய்மானம். ஆப்ஷன் வாங்கினவன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டேதான் இருப்பான். ஐவி இறங்கியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஐவி இறங்கினால் கால் இறங்கும், புட் ஏறும். நீங்கள் புட் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

சாண்ட்டன்_பழையமேசை

தில்லை அண்ணா, தேய்மானம் இருக்கிறது என்பது சரி, ஆனால் இரண்டு நாளில் அது இவ்வளவு தின்னாது. புட் விஷயத்தில் நீங்கள் சொல்வது நடக்காது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் ஒரு வங்கியின் கரன்சி ஆப்ஷன் மேசையில் பல வருடம் இருந்தவன். அங்கே தினம் காலையில் முதல் வேலையே இதுதான்: நேற்றைய லாப நஷ்டம் எந்தப் பையிலிருந்து வந்தது என்று பிரிப்பது. செல்வாவின் கணக்கையும் அப்படியே பிரிக்கலாம். எல்லாம் ஒரு கான்ட்ராக்டுக்கு, வட்டியை விட்டுவிடுகிறேன்.

முதலில் டாலர் நகர்ந்ததால் கிடைத்தது. ஸ்ட்ரைக்கும் ஃபியூச்சரும் ஒரே இடத்தில் இருந்ததால் டெல்டா கிட்டத்தட்ட 0.51. டாலர் 15 சென்ட் ஏறினால் 1000 டாலருக்கு 150 ரேண்ட், அதில் 0.51 பங்கு 77 ரேண்ட். ஏற ஏற டெல்டாவும் கொஞ்சம் கூடுவதால் இன்னொரு 4. ஆக 81 ரேண்ட் வரவு.

அடுத்து நேரம். ஐவி 20%-லேயே நின்றிருந்தால், 30 நாள் ஆப்ஷன் 28 நாள் ஆனதற்கு 412-லிருந்து 398 ஆகியிருக்கும். 14 ரேண்ட் செலவு. தில்லை அண்ணா சொன்ன தேய்மானம் இவ்வளவுதான்.

மிச்சம் வேகா. இந்த ஆப்ஷனில் ஐவி ஒரு புள்ளி நகர்ந்தால், அதாவது 20 என்பது 19 ஆனால், விலை சுமார் 20 ரேண்ட் நகரும். ஆறு புள்ளி இறங்கியது: 120 ரேண்ட் செலவு.

81 கழித்தல் 14 கழித்தல் 120. மொத்தம் 53 ரேண்ட் இழப்பு. திரை 51 காட்டுகிறது. அந்த இரண்டு ரேண்ட் பிசகு, மூன்றும் ஒரே நேரத்தில் நகர்ந்ததால் வருவது. ஆக புரோக்கர் சொன்ன ஒற்றை வரி உண்மைதான், சோம்பேறித்தனமான உண்மை.

20 ரேண்டை மனக்கணக்காகவே பிடிக்கலாம். ஸ்ட்ரைக்கும் ஃபியூச்சரும் ஒன்றாக இருக்கும்போது ஆப்ஷன் விலை தோராயமாக

```
0.4 × F × σ × √T
```

F ஃபியூச்சர் விலை, σ ஐவி, T வருடக் கணக்கில் மிச்ச நாள். 30 நாளுக்கு √T 0.287. 0.4 × 18 × 0.20 × 0.287 என்று பெருக்கினால் 41 சென்ட் சொச்சம். σ இடத்தில் 0.01 போட்டால் 2.07 சென்ட், அதுதான் வேகா. நாள் குறைந்ததால் 28 நாளில் அது 2 சென்டுக்கு அருகே வந்துவிடும்.

செல்வா_டர்பன்

அண்ணா, இதுவரை யாரும் இப்படிப் பிரித்துக் காட்டவில்லை. அப்படியானால் டாலர் எவ்வளவு ஏறியிருந்தால் எனக்குப் போட்ட பணம் வந்திருக்கும்?

சாண்ட்டன்_பழையமேசை

ஐவி 14-க்கு வந்துவிட்ட பிறகு, அதே இரண்டாம் நாளில், 18.23 பக்கம். அதாவது 23 சென்ட் ஏறினால்தான் 412-ஐத் தொடுவீர்கள். அதற்கு மேல்தான் லாபம்.

சாட்ஸ்வொர்த்_தில்லை

அப்படியானால் கால், புட் இரண்டையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஒன்று கைகொடுக்கும். நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

சாண்ட்டன்_பழையமேசை

போட்டுப் பார்ப்போம் அண்ணா. அன்றைக்கு 18.00 புட்டும் அதே 412 ரேண்ட்தான். இரண்டும் சேர்த்து 824. இரண்டு நாள் கழித்து கால் 361. புட்? ஒரே ஸ்ட்ரைக், ஒரே தேதியில் காலுக்கும் புட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஃபியூச்சருக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசமே. 15 சென்ட், 150 ரேண்ட். ஆக புட் 211. மொத்தம் 572. போட்ட 824-இல் 252 ரேண்ட் போய்விட்டது.

அந்த வித்தியாசத்தில் ஐவிக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐவி ஆறு புள்ளி இறங்கும்போது கால் 120 இழந்தால் புட்டும் அதே 120 இழந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த 150 நிற்காது. காலும் புட்டும் டாலரின் திசையில்தான் எதிரிகள். வேகாவில் இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் வாங்கினால் திசை ஆபத்து பெரும்பாலும் ரத்தாகும், வேகா ஆபத்து இரண்டு மடங்காகும்.

சாட்ஸ்வொர்த்_தில்லை

கணக்கு கணக்காக இருக்கட்டும். 2015 டிசம்பரில் என் மைத்துனர் இரண்டையும் வைத்திருந்தார், நன்றாகச் சம்பாதித்தார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கேப்டவுன்_கணேஷ்

அது வேறு கதை, தில்லை. 2015 டிசம்பர் 9 இரவு நிதியமைச்சர் நெனேயை அதிபர் ஜூமா நீக்கியது யாரும் எதிர்பார்க்காதது. அறிவிப்புத் தேதி என்று காலண்டரில் எதுவும் இல்லை. நான்கு நாளில் பழைய நிதியமைச்சர் கோர்தன் அதே பதவிக்குத் திரும்பி வருவதற்குள் ரேண்ட் டாலருக்கு 15-ஐத் தாண்டி 16-ஐ நெருங்கிவிட்டது. முன்கூட்டி யாரும் விலையில் ஏற்றிவைக்காத அதிர்ச்சி அது. அங்கே டாலரும் ஏறும், ஐவியும் ஏறும், இரண்டு பையும் நிரம்பும். செல்வா வாங்கியது ஊருக்கே தேதி தெரிந்த நிகழ்ச்சிக்கு முதல் நாள். விற்றவனுக்கும் காலண்டர் தெரியும்.

செல்வா_டர்பன்

விற்றவன் அதை எப்படி விலையில் ஏற்றுகிறான்? 20 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

சாண்ட்டன்_பழையமேசை

கணேஷ் தொட்டதுதான் இதன் மையம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஐவி என்பது மிச்சமுள்ள எல்லா நாட்களின் சராசரி மாதிரி. ஆனால் சராசரி எடுப்பது ஐவியின் வர்க்கத்தை வைத்து. உங்கள் 30 நாளுக்கு 20 × 20 × 30 என்றால் 12,000. அறிவிப்பு இல்லாத சாதாரண நாளுக்குச் சந்தை 14% கேட்கிறது என்று வையுங்கள். அப்படி 29 நாள்: 14 × 14 × 29 என்றால் 5,684. மிச்சம் 6,316, மொத்தமும் அந்த ஒரே நாளின் பங்கு. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 79.5. ஒரு நாளைக்கு மட்டும் 79.5% ஐவி! இது வருடக் கணக்கில் உள்ள எண். ஒரு நாள் கணக்குக்கு 365-இன் வர்க்கமூலமான 19.1-ஆல் வகுத்தால் 4.2%. பதினெட்டு ரேண்டில் 75 சென்ட்.

இந்த 75 திட்ட விலக்கம். சராசரி அசைவாக மாற்ற 0.8-ஆல் பெருக்கினால் 60 சென்ட். ஆக செல்வா 412 ரேண்ட் கொடுத்தபோது, "அறிவிப்பு நாளில் டாலர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுமார் 60 சென்ட் அசையும்" என்ற விலையைக் கொடுத்திருக்கிறார். அசைந்தது 15. அறிவிப்பு முடிந்த நிமிடத்தில் அந்தப் பெரிய நாள் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது. மிச்சம் சாதாரண நாட்கள், 14%. ஐவியை யாரும் பிடித்து அமுக்கவில்லை. அது விழும் என்பது வாங்கும்போதே விலையில் எழுதியிருந்தது.

மீனா_மசாலாக்கடை

நான் டர்பனில் சென்னை, தூத்துக்குடியிலிருந்து மசாலாவும் பாத்திரமும் இறக்குமதி செய்கிறேன். பணம் டாலரில் கட்ட வேண்டும். இதே மாதிரி கால் ஆப்ஷன்தான் நானும் வாங்குவேன், சரக்கு வரும் தேதிக்கு. நீங்கள் பேசுவதைப் பார்த்தால் நான் வருடக் கணக்காக ஏமாந்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே? நாளைக்கே விற்றுவிடட்டுமா?

சாண்ட்டன்_பழையமேசை

வேண்டாம் அக்கா, உங்கள் கேள்வியே வேறு. நீங்கள் ஆப்ஷனை நடுவில் விற்பதில்லை, கடைசி நாள் வரை வைத்திருக்கிறீர்கள். கடைசி நாளில் வேகா பூஜ்யம். ஃபியூச்சர் 18.60-இல் முடிந்தால் 60 சென்ட் கையில் வரும், 17.50-இல் முடிந்தால் எதுவும் வராது. நடுவில் ஐவி 14 ஆனதா 25 ஆனதா என்பது அந்தத் தொகையை ஒரு சென்ட் கூட மாற்றாது. திரையில் காட்டும் ஏற்ற இறக்கம் உங்கள் கணக்காளருக்குத் தலைவலி, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் ஐவி உங்களைத் தொடும். வாங்கும் நாளில். அதே 30 நாள் ஆப்ஷன் ஐவி 14-இல் 288 ரேண்ட், 20-இல் 412. சரக்கு தேதி அறிவிப்புக்கு அப்புறம்தான் என்றால், அறிவிப்பு முடிந்து வாங்கினால் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த அறிவிப்புதான் டாலரைத் தூக்கும் என்ற பயத்தில் நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால், காத்திருந்தால் வாங்குவதற்கே அர்த்தமில்லை.

மீனா_மசாலாக்கடை

போன மாதம் கண்டெய்னரே துறைமுகத்தில் இரண்டு வாரம் கிடந்தது, ஆப்ஷன் முடிந்தது, சரக்கு வரவில்லை. அதற்கு என்ன செய்வது?

கேப்டவுன்_கணேஷ்

அதற்கு எந்த கிரேக்க எழுத்தும் இல்லை அக்கா.

லெனேசியா_பையன்

எனக்கும் இதே சோகம், ஆனால் என்னுடையது 19.50 கால். மலிவாக இருக்கிறதே என்று 50 கான்ட்ராக்ட் வாங்கினேன், ஒன்று 40 ரேண்ட். இப்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மேலே சொன்ன கணக்கை நானும் போட்டேன். என் தளத்தில் வேகா 8 ரேண்ட் என்று காட்டியது. ஆறு புள்ளி இறங்கினால் 48. 40-இலிருந்து 48-ஐக் கழித்தால் மைனஸ் 8 வருகிறது. வாங்கினவன் எதிரே பணம் தர வேண்டுமா?

சாட்ஸ்வொர்த்_தில்லை

தளம் தப்பாகக் காட்டியிருக்கும்.

சாண்ட்டன்_பழையமேசை

தளம் சரிதான். நல்ல கேள்வி இது. வேகா ஒரு நிலையான எண் இல்லை, அந்த நிமிடத்துச் சரிவு மட்டுமே. ஸ்ட்ரைக்கும் ஃபியூச்சரும் ஒன்றாக இருந்தால் ஐவிக்கும் விலைக்கும் உள்ள கோடு கிட்டத்தட்ட நேர்கோடு. அதனால்தான் செல்வாவுக்குப் பெருக்கிப் போட்டது சரியாக வந்தது. தூரத்து ஸ்ட்ரைக்கில் அது வளைந்த கோடு.

ஃபியூச்சரும் நாளும் அப்படியே நிற்க, ஐவி மட்டும் மாறினால் உங்கள் 19.50 காலுக்கு என்ன ஆகும்? 20%-இல் விலை 40, வேகா 8. 14%-இல் விலை 6 ரேண்ட் சொச்சம், வேகா 3. ஐவி இறங்க இறங்க வேகாவே 8-இலிருந்து 3-க்குச் சுருங்குகிறது. சராசரியாகப் புள்ளிக்கு ஐந்தரை, ஆறு புள்ளிக்கு 33. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது, அதை நெருங்க நெருங்க வேகம் குறையும்.

ரேண்டில் பார்த்தால் செல்வா 120 இழந்தார், நீங்கள் 33. போட்ட பணத்தில் பார்த்தால் அவருக்குப் போனது ஏறக்குறைய 30%, உங்களுக்கு ஆறில் ஐந்து பங்கு. மலிவு என்று வாங்கியது முழுக்க முழுக்க வாலட்டிலிட்டி. 18.00 ஃபியூச்சருக்கு 19.50 கால் என்பதில் வேறு எந்தச் சரக்கும் இல்லை.

இன்னொன்று. நிஜச் சந்தையில் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே ஐவி கிடையாது. ரேண்ட் விழும்போது சட்டென்று விழும் என்ற பயத்தால் தூரத்து டாலர் காலுக்கு வழக்கமாக ஐவி கூடுதல். நான் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 20-ஐயே போட்டேன்.

லெனேசியா_பையன்

அப்படியானால் நீண்ட தேதி வாங்கலாமா? ஆனால் √T கூடினால் வேகாவும் கூடுமே, இன்னும் மோசமாகாதா?

சாண்ட்டன்_பழையமேசை

வேகா கூடும், ஆனால் அங்கே ஐவி அவ்வளவு விழாது. அதே 18.00 காலை 120 நாளுக்கு எடுங்கள். அந்தப் பெரிய நாள் இப்போது 120-இல் ஒன்று. 14 × 14 × 119 கூட்டல் அதே 6,316, அதை 120-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 15.7%. அறிவிப்பு முடிந்ததும் அது 14 ஆகும். இறக்கம் 1.7 புள்ளி. வேகா இரண்டு மடங்கு, 41 ரேண்ட். பெருக்கினால் 70 ரேண்ட். பிரீமியம் 646. அதில் பதினொரு சதம்தான் போகிறது.

அதனால்தான் மேசையில் வெறும் வேகாவைக் கூட்டிப் பார்த்து யாரும் தூங்கப் போவதில்லை. ஒரு மாத வேகாவும் ஒரு வருட வேகாவும் ஒரே தாளில் இருந்தாலும், இரண்டின் ஐவியும் ஒன்றாக ஓடுவதில்லை.

வாங்கும் முன் இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கிட்டத்து மாத ஐவியையும் தூரத்து மாத ஐவியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிட்டத்து மாதம் தெளிவாக மேலே இருந்தால், நடுவில் ஏதோ ஒரு தேதிக்கு விலை ஏற்றியிருக்கிறார்கள்.

கேப்டவுன்_கணேஷ்

தேதியும் நம்மூரில் நம்பிக்கைக்கு உரியதில்லை. 2025 பிப்ரவரி 19 பட்ஜெட்டை அன்றைக்கே மார்ச் 12-க்குத் தள்ளிவைத்தார்கள், வாட் வரிச் சண்டையால். மார்ச் 12-க்கு முன்பே முடியும் ஆப்ஷன் வைத்திருந்தவனுக்கு, அவன் காசு கொடுத்த நாளே அவன் ஆயுளுக்கு வெளியே போய்விட்டது. நிகழ்ச்சி நடக்காமலே நிகழ்ச்சிக்கான ஐவி கரையும்.

ஆனால் பழையமேசை, ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். நீங்கள் சொல்லும் தொனியில் வாசித்தால், தெரிந்த தேதிக்கு முன் ஆப்ஷன் விற்பவன் எப்போதும் ஜெயிப்பான் போலத் தோன்றுகிறது. 60 சென்ட் என்பது சராசரி. ஒருமுறை ஒன்றரை ரேண்ட் நகர்ந்தால் விற்றவனின் பல மாதச் சம்பாத்தியம் அன்றைக்கே போகும்.

சாண்ட்டன்_பழையமேசை

விற்கச் சொல்லவில்லையே. விலை நியாயமாக இருந்தால் நீண்ட நாளில் வாங்கினவனும் விற்றவனும் சமம். ரேண்ட் விஷயத்தில் அது நியாயமா, கூடுதலா என்பதில் எனக்கே ஒரு கருத்து உண்டு. என் பார்வையில் அறிவிப்பு நாட்களுக்கு விற்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே விலை வாங்குகிறார்கள்.

கேப்டவுன்_கணேஷ்

என் பார்வையில் குறைவாக வாங்குகிறார்கள். 2015-ஐப் பார்த்தவன் நான்.

சாட்ஸ்வொர்த்_தில்லை

என் மைத்துனரும்.

செல்வா_டர்பன்

கடைசியாக ஒன்று. இன்று விற்றுவிடலாம் என்று கேட்டேன். திரையில் 361, ஆனால் வாங்குபவர் 338 தருகிறேன் என்கிறார். இதுவும் வேகாவா?

சாண்ட்டன்_பழையமேசை

ஒரு விதத்தில். திரையில் இருப்பது மதிப்பீட்டு விலை, 14%-இல் போட்டது. அவர் தருவதை ஐவியாக மாற்றுங்கள். 23 ரேண்ட் குறைவு. உங்கள் வேகா இப்போது சுமார் 19, ஆகவே ஒரு புள்ளிக்கு மேல் கீழே கேட்கிறார், 12.8 பக்கம். நம்மூர் கரன்சி ஆப்ஷனில் வாங்குபவர்கள் குறைவு, அதனால் ஒரு புள்ளி இடைவெளி எனக்கு ஆச்சரியமில்லை. 13.4 வாலட்டிலிட்டிக்கு விலை கேளுங்கள், அதே மொழியில் பேசினால் அநேகமாக நகர்வார். 350 சொன்னால் கொடுத்துவிடுங்கள்.

செல்வா_டர்பன்

348-க்குப் போனது. பத்தும்.